எதற்கென்று சொல்லாத சுருக்கம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவர் கூரைக் கசிவு பற்றிய 64 பக்கப் பிடிஎஃப் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சுருக்கித் தாருங்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். எத்தனை பக்கம், யாருக்கு, எதற்கு, ஒன்றும் இல்லை. எங்கே தொடங்குவது?"

சுருக்கும்போது நாம் சிலவற்றை விடுகிறோம், சிலவற்றைப் பொதுமைப்படுத்துகிறோம், சிதறிய தகவல்களைச் சேர்த்துப் புதிய வாக்கியம் ஆக்குகிறோம். 1978இல் உளவியலாளர் கின்ட்ச், மொழியியலாளர் வான் டைக் இருவரும் இதை விளக்கியபோது, எது முக்கியம் என்பதை வாசிப்பவரின் நோக்கமே ஆள்கிறது என்றார்கள்.

அதே ஆண்டு ஆண்டர்சன், பிச்சர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு சிறுவர்கள் ஒரு வீட்டைச் சுற்றிப் பார்க்கும் கதை. சிலர் அதைத் திருடனின் கண்ணோடும், சிலர் வீடு வாங்க வந்தவரின் கண்ணோடும் படித்தார்கள். திருடர்களுக்கு நாணயச் சேகரிப்பு நினைவில் நின்றது. வாங்குபவர்களுக்கு ஒழுகும் கூரை. அதிசயம் அடுத்த கட்டத்தில்தான். கதையை மறுபடி காட்டாமல் கண்ணோட்டத்தை மட்டும் மாற்றச் சொன்னதும், முதலில் சொல்லாமல் விட்ட விவரங்கள் சில வெளிவந்தன. தகவல் உள்ளே இருந்தது. அதைத் தேட ஒரு நோக்கம்தான் இல்லை.

ஆகவே வாசகரே, நோக்கத்தை முதலில் பிடியுங்கள். எத்தனை பக்கம், யாருக்கு என்பவை தாமே பின்னால் வரும். தலைவரிடம் ஒரே கேள்வி போதும்: "இதைப் படித்துவிட்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்?" பதில் வரும்வரை கோப்பிலேயே தடயம் தேடுங்கள். அறிக்கை யாருக்கு முகவரியிடப்பட்டது? அடுத்த வாரம் பொதுக்கூட்டம் உண்டா? உண்டென்றால், பழுதுபார்க்கச் சேமிப்பு நிதியில் கைவைப்பதா என்பதே கேள்வியாக இருக்கக்கூடும். அந்த ஊகத்தைச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: "பொதுக்கூட்டம் முடிவெடுக்க உதவும் என்று கருதி எழுதியது." பிறகு அரைப் பக்கம்: என்ன பழுது, எவ்வளவு செலவு, தள்ளிப்போட்டால் என்ன ஆகும்.

பொதுமைப்படுத்தும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. பொறியாளர் நான்கு கட்டடங்களில் இரண்டை மட்டும் ஏறிப் பார்த்திருப்பார். சுருக்கத்தில் அது "கூரைகள் பழுதாகியுள்ளன" என்று மாறிவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்க எண் போட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். "இரண்டு மட்டும்", "தோராயமாக", "மழைக்காலத்துக்கு முன்" போன்ற சொற்கள் அங்கே இருந்து உங்களிடம் இல்லாவிட்டால், திரும்பச் சேருங்கள். எல்லா அத்தியாயத்துக்கும் சமமாக இரண்டு வரி ஒதுக்கியிருந்தால், இன்னும் நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள்.

பொதுப் பணத்தில் எழுதப்படும் ஆய்வறிக்கைகளாவது, யார் எதை முடிவு செய்வதற்காக எழுதப்பட்டன என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தலைவர் "ஒப்பந்தக்காரருக்கு" என்று பதில் போட்டால், விரிசல்களின் அளவும் இடமும் உள்ளே வரும். நிதிக் கணக்கு வெளியே போகும்.