வட்டங்கள் வெட்டிக்கொண்டால் முடிவு உறுதியாகுமா?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஊருக்குத் திரும்பியதும் வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்ற முனைப்பில், ஞாயிறுதோறும் தேக்கா அருகே நான் நடத்தும் ரீசனிங் வகுப்புக்கு வருபவர். தங்குவிடுதியில் அவருடன் இருக்கும் நண்பரின் பழைய பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம். நண்பர் படம் எடுத்து அவருக்கு அனுப்ப, சாப்பாட்டு நேரத்தில் இவர் கைப்பேசியிலேயே பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரி: "சார், விடைப் பட்டியல் தவறாக இருக்கிறது. 1-உம் 3-உம் தானே சரி?"

கேள்வி இதுதான்.

கூற்றுகள்: எல்லாக் கோப்பைகளும் தட்டுகள். சில தட்டுகள் மேசைகள். எந்த மேசையும் நாற்காலி அல்ல.

முடிவுகள்: (1) சில கோப்பைகள் மேசைகள். (2) சில தட்டுகள் நாற்காலிகள் அல்ல. (3) எந்தக் கோப்பையும் நாற்காலி அல்ல. (4) சில கோப்பைகள் நாற்காலிகள்.

விடைப் பட்டியல் சொன்னது: 2 உறுதி, அதோடு 3 அல்லது 4, இரண்டில் ஒன்று உறுதி. பட்டியல் சரிதான். மாணவர் அசட்டையாகப் படிப்பவரும் அல்லர். அவரைத் தவறான விடைக்குக் கொண்டுபோனது அந்தப் படம். இத்தகைய படங்களை வைத்துப் படிப்பவர்கள் இங்கே ஏராளம் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூற்றுகளுக்குப் பக்கத்தில் புத்தகத்தின் முன்னாள் சொந்தக்காரர் பென்சிலில் வட்டங்கள் போட்டிருந்தார். தட்டு ஒரு பெரிய வட்டம். அதற்குள் கோப்பை ஒரு சிறிய வட்டம். வலப்பக்கத்திலிருந்து வந்த மேசை வட்டம் தட்டை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, கோப்பையின் ஓரத்தையும் வெட்டியிருந்தது. நாற்காலி வட்டம் தனியாக, பக்கத்தின் அடியில் ஒதுங்கி நின்றது. இந்த ஒரு படத்தைப் பார்த்தால் கோப்பையும் மேசையும் வெட்டிக்கொள்கின்றன, ஆகவே முதல் முடிவு சரி. கோப்பைக்கும் நாற்காலிக்கும் தொடர்பே இல்லை, ஆகவே மூன்றாவதும் சரி. மாணவர் படத்தை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறார். ஆனால் அவர் வாசித்தது பென்சில்காரரின் கையை, கூற்றுகளை அல்ல.

வட்டங்களை வைத்துத் தருக்கம் சொல்லும் வழக்கத்தில் இரண்டு மரபுகள் உண்டு. 1768-இல் வெளியான கடிதத் தொகுப்பில் கணிதவியலாளர் ஆய்லர் கையாண்ட முறையில், வட்டங்கள் எப்படி நிற்கின்றனவோ அதுவே செய்தி. ஒன்றுக்குள் ஒன்று இருந்தால் 'எல்லாம்', விலகி நின்றால் 'எதுவும் அல்ல', வெட்டிக்கொண்டால் 'சில'. 1880-இல் தருக்கவியலாளர் ஜான் வென் முன்வைத்த முறை வேறு. அதில் வட்டங்கள் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டுதான் நிற்கும். அந்த வெட்டு எதையும் சொல்வதில்லை. ஒரு பகுதி காலி என்று கூற்று சொன்னால் அதற்கு நிழலிட வேண்டும். ஒரு பகுதியில் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கிறது என்று கூற்று சொன்னால் அங்கே ஒரு பெருக்கல் குறி. இது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. நிழலும் குறியும் இல்லாத இடம் தெரியாத இடம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அரை நிமிடத்தில் போடுவது ஆய்லர் முறைப் படம். வேகத்துக்கு அது நல்லது, நானும் அதைத்தான் கற்றுத்தருகிறேன். ஆனால் மூன்றாவது, நான்காவது வட்டத்தைப் போடும்போது கை ஏதாவது ஓரிடத்தில் வைத்துத்தானே ஆக வேண்டும்? அப்போது கூற்று கேட்காத ஒரு வெட்டோ விலகலோ தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. போட்டவருக்கு எது கேட்டது, எது தானாக வந்தது என்பது கொஞ்ச நேரம் நினைவிருக்கும். வேறொருவர் போட்ட வட்டத்தைப் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

'உறுதியாகப் பின்தொடரும்' என்பதற்குப் பொருள் ஒன்றுதான்: கூற்றுகளை மீறாமல் போடக்கூடிய எல்லாப் படங்களிலும் அந்த முடிவு நிற்க வேண்டும். ஒரு படத்தில் விழுந்தாலும் அது உறுதி அல்ல. ஆகவே முடிவை நிரூபிக்கப் பார்க்காதீர்கள், உடைக்கப் பாருங்கள். மாணவரை இரவில் அழைத்து, பென்சில் படத்தை ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் இப்படிச் செய்யச் சொன்னேன்.

முதலில் தட்டு, அதற்குள் இடப்பக்க ஓரமாகக் கோப்பை. அடுத்து, மேசை வட்டம் தட்டின் வலப்பக்க ஓரத்தை மட்டும் வெட்டட்டும். தட்டும் மேசையும் சேரும் அந்தத் துண்டில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். 'சில தட்டுகள் மேசைகள்' என்ற கூற்று நமக்குத் தருவது அந்தக் குறி மட்டுமே. இப்போது கோப்பையும் மேசையும் விலகி நிற்கின்றன, எந்தக் கூற்றும் மீறப்படவில்லை. முதல் முடிவு உடைந்துவிட்டது.

இனி நாற்காலி. அதற்கு இருக்கும் ஒரே கட்டுப்பாடு, மேசையைத் தொடக்கூடாது என்பது. கோப்பையைத் தொடக்கூடாது என்று யார் சொன்னார்கள்? இடப்பக்கத்திலிருந்து நாற்காலி வட்டத்தைக் கொண்டுவந்து கோப்பையின் மேல் பாதி ஏற்றுங்கள். மூன்று கூற்றுகளும் அப்படியே நிற்கின்றன, மூன்றாம் முடிவு விழுந்துவிட்டது. அதே நாற்காலியைத் தாளின் மூலைக்குத் தள்ளினால் நான்காம் முடிவு விழுந்துவிடும். தனித்தனியாக இரண்டும் உறுதி அல்ல. ஆனால் கோப்பையில் ஒன்றாவது நாற்காலியாக இருக்கும், அல்லது ஒன்றுகூட இருக்காது. மூன்றாவது நிலை கிடையாது. எந்தப் படம் போட்டாலும் இரண்டில் ஒன்று மட்டும் சரியாக வரும். 'இரண்டில் ஒன்று' என்ற விடை அதனால்தான். ஒரு சொல் எச்சரிக்கை: 'எல்லாக் கோப்பைகளும் நாற்காலிகள்', 'எந்தக் கோப்பையும் நாற்காலி அல்ல' என்ற ஜோடிக்கு இது பொருந்தாது. பாதிக் கோப்பைகள் மட்டும் நாற்காலிகள் என்றால் அங்கே இரண்டுமே விழும்.

மீதி இரண்டாம் முடிவு. 'சில தட்டுகள் நாற்காலிகள் அல்ல' என்பதை உடைக்க எல்லாத் தட்டுகளையும் நாற்காலி வட்டத்துக்குள் அடைக்க வேண்டும். அவர் நாற்காலி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். இடப்பக்கமெல்லாம் அடங்கியது, கோப்பை முழுதும் அடங்கியது. வலப்பக்கம் அந்தப் பெருக்கல் குறியிடம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அந்தக் குறி இருக்கும் தட்டு ஒரு மேசை; மேசையை நாற்காலி தொடக்கூடாது. எப்படி முயன்றாலும் அந்த ஒரு தட்டு வெளியேதான் இருக்கும். உடைக்க முடியாத இந்த இடம்தான் நிரூபணம்.

"அப்படியானால் இரண்டாம் முடிவை நான் ஏன் விட்டேன்?" என்று அவரே கேட்டார். அதற்கும் காரணம் படத்தில் இருந்தது. புத்தகத்தை மெத்தையில் விரித்து, பக்கவாட்டில் சாய்ந்தபடி எடுத்த படம் அது. வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. அவர் கண்ணில் பட்ட இரண்டாம் முடிவு: 'சில தட்டுகள் நாற்காலிகள்'. 'அல்ல' காணவில்லை.

தமிழ்த் தாள்களுக்கே உரிய ஆபத்து இது. ஆங்கிலத்தில் 'எதுவும் இல்லை' என்று சொல்லும் சொல் வரியின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. படம் வெட்டுப்பட்டால் முதலில் போவது அதுதான். மூன்றாம் கூற்றிலும் மூன்றாம் முடிவிலும்கூட 'அல்ல' வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் 'எந்த மேசையும்' என்று தொடங்கியதைப் பார்த்ததும் வாசகம் எப்படி முடியும் என்று அவர் மனம் நிரப்பிக்கொண்டது. 'சில' என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்த உதவி கிடைக்காது. மறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது முழு வாக்கியமாகவே தெரியும், வெட்டுப்பட்டது என்ற சந்தேகமே எழாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒவ்வொரு வரியின் முடிவிலும் முற்றுப்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். புள்ளி தெரியவில்லை என்றால் அந்தக் கேள்வியைப் போடாதீர்கள், படத்தைத் திரும்பக் கேளுங்கள். எடுப்பவரிடம் புத்தகத்தை மேசையில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, பக்கத்தின் நான்கு மூலைகளும் விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். பென்சில் வட்டம் இருந்தால் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டு எடுக்கட்டும். வங்கித் தேர்வுகளில் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கைக் கழிப்பார்கள் என்பதால், யாரோ போட்ட படத்தை நம்பிப் பழகுவது சின்ன நட்டம் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'எல்லாக் கோப்பைகளும் தட்டுகள்' என்றால் 'சில தட்டுகள் கோப்பைகள்' என்பது போட்டித் தேர்வில் உறுதி. கோப்பை என்று ஒன்றாவது இருக்கிறது என்று அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரியில் தருக்கம் படித்தவர்கள் இதை மறுப்பார்கள், அவர்கள் முறையில் காலி வட்டமும் செல்லும். தேர்வுத் தாளில் தேர்வின் வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

மறுநாள் அவர் அதே பக்கத்தின் புதிய படத்தை அனுப்பினார். நான்கு மூலைகளும் தெரிந்தன. பென்சில் வட்டங்களின் மேல் ஒரு பஸ் டிக்கெட் அளவுத் துண்டுக் காகிதம். கூடவே புதிய கேள்வி: "சார், 'எல்லாக் கோப்பைகளும் நாற்காலிகளாக இருக்க வாய்ப்பு உண்டு' என்று கொடுத்தால்?" வாய்ப்பு என்று கேட்டால் வேலை தலைகீழ், எல்லாப் படமும் வேண்டாம், பொருந்தும் ஒரு படம் கிடைத்தால் போதும் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. கோப்பையை முழுதாக விழுங்கிய நாற்காலி வட்டம், வலது ஓரத்தில் தனியே மேசை. அதன் கீழே அவரே இன்னொன்றையும் சேர்த்திருந்தார்: "எல்லாத் தட்டுகளும் நாற்காலிகளாக இருக்க வாய்ப்பு இல்லை. பெருக்கல் குறி விடாது."