தேய்மானத்தைக் கூட்டினீர்கள், மெஷின் வாங்கும் பணத்தைக் கழித்தீர்களா?

தொழில் திட்டங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அண்மையில் வந்த ஐந்தாண்டு மதிப்பீட்டில், வரிக்குப் பிந்தைய நிகர லாபம் ஆண்டுக்கு 20 லட்சம், மெஷினின் விலையை அதன் ஆயுளுக்குப் பிரித்து ஆண்டுதோறும் செலவாக எழுதும் தேய்மானம் 10 லட்சம். இரண்டையும் கூட்டி, எல்லாச் செலவும் போகக் கையில் மிஞ்சும் பணமான ஃப்ரீ கேஷ் ஃப்ளோ ஆண்டுக்கு 30 லட்சம், ஐந்தாண்டுக்கு 150 லட்சம் என்று போட்டிருந்தார்கள். கடன் கிடையாது. சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் முடங்கும் பணம் மாறாது என்று வைத்துக்கொள்வோம். அது கூடினால் அதையும் கழிக்க வேண்டும்.

தேய்மானத்தைக் கூட்டியது சரிதான். லாபக் கணக்கில் செலவாகக் கழித்திருந்தாலும் அந்த ஆண்டில் அந்தப் பணம் யாருக்கும் போகவில்லை. மெஷின் வாங்கிய அன்றே போய்விட்டது. அப்படியானால் அடுத்த மெஷின் வாங்கும் ஆண்டில் அதன் முழு விலையையும் கழிக்க வேண்டுமே? அந்த வரி திட்டத்தில் இல்லவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். ஆண்டுத் தொடக்கத்தில் சொத்தின் புத்தக மதிப்பு, அதாவது தேய்மானம் போகக் கணக்கில் மிஞ்சியிருக்கும் மதிப்பு; அதனுடன் புதிதாக வாங்கியதைக் கூட்டி, அந்த ஆண்டின் தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். இங்கே தொடக்க மதிப்பு 40 லட்சம். ஆண்டுக்கு 10 போனால் நான்காம் ஆண்டு முடிவில் பூஜ்யம். ஐந்தாம் ஆண்டில் மறுபடி 10 கழித்தால் மைனஸ் 10! இல்லாத சொத்துக்குத் தேய்மானம் போட்டிருக்கிறார்கள்.

உரிமையாளரிடம் விசாரித்தேன். “நாலாவது வருஷக் கடைசியில் மெஷினை மாத்தியே ஆகணும் சார், 60 லட்சம் ஆகும்” என்றார். பழையதற்கு விலை எதுவும் கிடைக்காதாம். புதிய மெஷினுக்கு ஐந்தாண்டு ஆயுள், ஆண்டுக்கு 12 லட்சம் தேய்மானம்.

இனி மாற்றிப் போடுவோம். முதல் மூன்று ஆண்டுகளும் அதே 30. நான்காம் ஆண்டு 20 + 10 − 60, அதாவது மைனஸ் 30. அந்த ஆண்டும் லாபக் கணக்கு 20 லட்சம் லாபம் என்றுதான் சொல்லும். ஐந்தாம் ஆண்டில் தேய்மானம் 2 லட்சம் கூடுகிறது. வரி 25 சதவீதம், வரிக்கணக்கிலும் இதே தேய்மானம் என்றால் லாபம் 1.5 குறைந்து 18.5 ஆகும். 12-ஐக் கூட்டினால் 30.5. லாபம் இறங்கியும் பணம் அரை லட்சம் ஏறியதற்குக் காரணம், மிச்சமான வரி. வரிக்குப் பிந்தைய லாபத்திலேயே அது அடங்கிவிட்டதால் தனியாக இன்னொரு முறை கூட்டிவிடாதீர்கள். ஆக மொத்தம் 150 அல்ல, 90.5 லட்சம்.

அப்புறம், அந்த 30.5-ஐ ஆண்டுதோறும் வரும் தொகையாக எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்கு விலை பேசப் போனார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை 60 லட்சம் என்றால் சராசரியாக ஆண்டுக்கு 12 லட்சத்தை மெஷினுக்கு ஒதுக்க வேண்டும். அதையும் கழித்தால் விலைக்கு அடிப்படையாக எடுக்க வேண்டியது 18.5 லட்சம்.