வீக்கத்தைப் பார்த்து எலும்பு முறிவா என்று சொல்ல முடியாது

போன மாதம் ஷட்டில் ஆடும்போது என் தம்பிக்குக் கால் பிசகிவிட்டது. பாதம் உள்பக்கமாக மடங்கி, மொத்த எடையும் வெளிவிளிம்பில் இறங்கியது. அரை மணி நேரத்துக்குள் வெளிக்கணு எலும்புக்குச் சற்று முன்னால் கோழிமுட்டை அளவுக்கு வீங்கிவிட, "இவ்வளவு வீங்கினா எலும்பு உடைஞ்சுதான் இருக்கும்" என்றார் அம்மா.

அப்படி இல்லை. அந்த இடத்தில் கணு எலும்பையும் பாதத்து எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு சின்ன ஜவ்வு இருக்கிறது. கால் உள்ளே மடங்கும்போது பெரும்பாலும் முதலில் அடிபடுவது அதுதான். அது கிழியும்போது கூடவே நுண்ணிய ரத்தக்குழாய்களும் அறுந்து ரத்தம் கசிகிறது, அப்புறம் காயத்தைச் சுற்றி நீரும் சேர்கிறது. எலும்பு முழுசாக இருந்தாலும் கால் பானை மாதிரி வீங்கலாம், மெல்லிய விரிசல் இருந்தும் கொஞ்சமாகத்தான் வீங்கலாம். மூன்றாம் நாள் தம்பியின் குதிகால் ஓரமும் விரல்களின் அடியும் கருநீலமானதும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். அங்கே புதிதாக எதுவும் அடிபடவில்லை, மேலே கசிந்த ரத்தம்தான் கீழே இறங்கியிருந்தது.

அப்படியானால் எக்ஸ்ரே யாருக்குத் தேவை? 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர் இயன் ஸ்டீலும் அவர் குழுவும் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். கணுக்கால் பக்கம் வலி இருந்து, உள்கணு, வெளிக்கணு எலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ.க்குள்ளோ நுனியிலோ அழுத்தினால் வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்டதும் சரி, மருத்துவர் பார்க்கும்போதும் சரி, நாலு அடி வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு. நடுப்பாதம் வலித்தால் சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பையும், உள்பக்க வளைவின் மேலிருக்கும் எலும்பையும் அழுத்திப் பார்ப்பார்கள். இதில் எதுவும் இல்லையென்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் வலிக்கிறது என்பதாலேயே முறிவு என்றும் ஆகிவிடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இந்த விதியை நம்பக் கூடாது. கால் கோணலாகத் திரும்பியிருந்தால் சோதித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைதான்.

தம்பிக்கு வலி எலும்பின் முன்பக்கம் மெத்தென்ற இடத்தில்தான் இருந்தது, நொண்டியபடி நடக்கவும் செய்தான். அதனால் எக்ஸ்ரே எடுக்கவில்லை. சுளுக்கு எந்தக் கிரேடு என்பதை மட்டும் ஐந்தாம் நாள் வரச்சொல்லிப் பார்த்தார் மருத்துவர், ஏனென்றால் முதல் நாள் வலியில் தசைகள் இறுகிக்கொள்வதால் ஜவ்வு தளர்ந்திருப்பது கைக்குத் தெரியாது. கீழ்க்காலை ஒரு கையால் பிடித்து, குதிகாலை மறு கையால் முன்னே இழுத்தார். ஜவ்வு இழுபட்டு நுண்ணிய கிழிசலோடு நின்றிருந்தால் முதல் கிரேடு, மூட்டு தளர்ந்து கொடுக்காது. பாதி கிழிந்திருந்தால் இரண்டு, கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். முழுதும் அறுந்தால் மூன்று, பாதம் தடுப்பே இல்லாமல் முன்னே நழுவும். தம்பியின் கால் லேசாகக் கொடுத்து, சட்டென்று நின்றது. இரண்டாம் கிரேடு என்று பட்டைபோட்டு அனுப்பினார்.