வெறும் வானில் விமானம் ஏன் தூக்கிப் போடுகிறது?

விமானம் ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "வெளியே பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது, பேருக்கு ஒரு மேகம்கூட இல்லை. அப்புறம் எப்படி சார் அப்படித் தூக்கிப் போட்டது? உங்கள் ரேடாரில் தெரியாதா?"

தெரியாது. ரேடார் பழுதாக இருந்ததாலோ, நாங்கள் கவனிக்காமல் விட்டதாலோ அல்ல. அந்தக் கருவியின் இயல்பே அப்படி. அதற்கு முன், அந்தக் குலுக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

1997 டிசம்பர் 28 அன்று டோக்கியோவின் நரிடா விமான நிலையத்திலிருந்து ஹொனலுலு கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸ் போயிங் 747 ஒன்று, சுமார் இரண்டு மணி நேரம் பறந்த பின் பசிபிக் கடலுக்கு மேலே 31,000 அடியில் கடுமையான காற்றுக் கொந்தளிப்பில், அதாவது டர்புலன்ஸில் சிக்கியது. முதலில் விமானம் மேலே தூக்கப்பட்டது. சில நொடிகளில் மைனஸ் 0.8 ஜி அளவுக்குக் கீழ்நோக்கி இழுக்கப்பட்டது. அதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவரை யாரோ 48 கிலோ விசையோடு கூரையை நோக்கித் தள்ளுவதற்குச் சமம். பெல்ட் போடாமல் இருந்த ஒரு பெண் பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். விமானம் டோக்கியோவுக்கே திரும்பியது.

குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டிய வானம் எங்களுக்குப் பழக்கமான தொல்லைதான். ஆறு போல உயரே வேகமாக ஓடும் காற்றோட்டத்தை ஜெட் ஸ்ட்ரீம் என்போம். துருவப் பக்கத்து ஜெட் ஸ்ட்ரீமும் அதற்குத் தெற்கே ஓடும் இன்னொரு ஜெட் ஸ்ட்ரீமும் அங்கே நெருங்கி வருகின்றன. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகக் காற்று அங்கே அபூர்வமில்லை. ஆனால் வேகமான காற்று மட்டும் விமானத்தைக் குலுக்காது. சீராக அடிக்கும் வரை அது வெறும் எதிர்க்காற்று அல்லது பின்காற்று, அவ்வளவுதான். சிக்கல் அதன் விளிம்பில் இருக்கிறது. மேலே ஓடும் அடுக்குக்கும் அதற்குச் சில நூறு அடி கீழே ஓடும் அடுக்குக்கும் வேகம் ரொம்ப வித்தியாசப்பட்டால், இரண்டும் ஒன்றை ஒன்று உரசுகின்றன. இதைத்தான் ஷியர் என்கிறோம்.

அந்த உயரத்துக் காற்று இந்த உரசலைக் கொஞ்ச நேரம் தாங்கும். மேலே லேசான காற்று, கீழே கனமான காற்று என்று அது நிலையாக அடுக்கப்பட்டிருக்கிறது, அதனால் எளிதில் கலக்காது. தாங்குவதால்தான் வேக வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் இரண்டு அடுக்கின் எல்லையில் அலை எழும்பி, கரையோரக் கடலலை போல நுனி சுருண்டு உடைகிறது. கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலை என்று இதற்குப் பெயர். உடைந்த அலையிலிருந்து சுழல்கள் பிறக்கின்றன. அவற்றில் நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை அகலமானவைதான் விமானத்தை உலுக்குகின்றன.

இதில் மேகத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். மேகம் உருவாக ஈரமும், அந்த ஈரக்காற்று மேலெழும்பிக் குளிர்வதும் வேண்டும். ஷியருக்கு இரண்டும் தேவையில்லை. 35,000 அடியில் மைனஸ் 50 டிகிரிக் குளிரில் காற்று ஏறக்குறைய வறண்டே கிடக்கிறது. எப்போதாவது கொஞ்சம் ஈரம் இருந்துவிட்டால் மெல்லிய பஞ்சு மேகத்தில் அந்தச் சுருள்கள் வரிசையாகத் தெரியும். பார்க்க அழகாக இருக்கும், அந்தப் பக்கம் போகத்தான் மனம் வராது.

சரி, ரேடாருக்கு வருவோம். விமானத்தின் மூக்குக்குள் இருக்கும் வானிலை ரேடார் சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கிறது. அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பினால்தான் திரையில் நிறம் வரும். துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். அதனால்தான் கனமழை சிவப்பாக மிரட்டுகிறது, மெல்லிய மேகம் கண்ணில் படுவதே இல்லை. டர்புலன்ஸைக் காட்டும் தனி வசதியும் இந்த ரேடாரில் உண்டு. ஆனால் அதுவும் துளிகள் எப்படிச் சிதறி ஓடுகின்றன என்பதை அளந்துதான் சொல்கிறது. துளியே இல்லாத காற்றில் அளக்க என்ன இருக்கிறது? திரை கறுப்பாகவே இருக்கும்.

தெளிந்த வானைப் பார்க்கும் ரேடாரே கிடையாதா என்றால், இருக்கிறது. திருப்பதி அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் எம்.எஸ்.டி. ரேடார் அந்த வேலையைத்தான் செய்கிறது. சுழல்கள் கலக்கும் காற்றில் வெப்பமும் அடர்த்தியும் இடத்துக்கு இடம் மாறும், அந்த மாற்றத்தில் பட்டு ரேடியோ அலை கொஞ்சம் திரும்பும். திரும்புவதற்கு அலைநீளத்தில் பாதி அளவுள்ள சுழல்கள் வேண்டும். காதங்கியின் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல், ஆக அது மூன்று மீட்டர்ச் சுழல்களைத் தேடுகிறது. அவை அங்கே தாராளம். எங்கள் ரேடாருக்கோ ஒன்றரை சென்டிமீட்டர்ச் சுழல் வேண்டும். அந்த உயரத்தில் அவ்வளவு சிறிய சுழல்கள் காற்றின் உள்உராய்வான பாகுத்தன்மையால் கரைந்து போய்விடும். அப்படியானால் பெரிய அலைநீளத்தையே விமானத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். காதங்கியின் ஆன்டெனா என்பது 130 மீட்டர் சதுரத்தில் நட்ட 1024 யாகிகள், பழைய டிவி ஆன்டெனா போன்றவை. அது விமானத்தைவிடப் பெரிது.

ஆகவே காக்பிட்டில் நாங்கள் மறைமுகமாகத்தான் கண்டுபிடிக்கிறோம். ஃப்ளைட் பிளானில் ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ஷியர் எண் இருக்கும், ஆயிரம் அடிக்குக் காற்றின் வேகம் எத்தனை நாட் மாறுகிறது என்று. ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். ஒன்று, இரண்டு என்று போகும்வரை கவலையில்லை. ஆறு, ஏழு என்று வந்தால் அந்தப் பகுதிக்கு முன்பே சாப்பாடு பரிமாறி முடிக்கச் சொல்லிவிடுவேன். அந்த எண் வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கு தரும் சராசரிதான். நிஜத்தில் மெல்லிய அடுக்குக்குள் ஷியர் இதைவிடப் பல மடங்கு இருக்கலாம். பக்கத்தில் போனதும் வெளிவெப்பத்தைப் பார்ப்பேன். ஒரு குளிர்கால இரவில் ஜப்பானின் கியூஷு தீவைத் தாண்டியதும் மைனஸ் 54 என்று நின்றிருந்தது ஒரு நிமிடத்துக்குள் மைனஸ் 49 ஆனது, காற்றும் 100 நாட்டிலிருந்து 130-க்கு ஏறியது. அடுக்கின் எல்லைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். சீட் பெல்ட் விளக்கைப் போட்டு, ஊழியர்களையும் உட்காரச் சொல்லி, வேகத்தை டர்புலன்ஸுக்கான அளவுக்குக் குறைத்து, கட்டுப்பாட்டு அறையிடம் 2,000 அடி இறங்க அனுமதி கேட்டோம். முன்னால் போன விமானம் 33,000 அடியில் அமைதியாக இருப்பதாகச் சொல்லியிருந்தது. அடுக்கு மெல்லியதாக இருப்பதில் இது ஒரு நல்லது: பெரும்பாலும் சில ஆயிரம் அடி மாறினாலே தப்பித்துவிடலாம். ஆனால் நமக்கு முன்னால் யாரும் போகவில்லை என்றால் முதல் தகவலே நாம்தான்.

எல்லாக் குலுக்கலையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2024 மே 21 அன்று மியான்மருக்கு மேலே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் குலுங்கி ஒருவர் இறந்தபோது, ஊடகங்கள் பலவும் உடனே தெளிந்த வானின் டர்புலன்ஸ் என்று எழுதின. வளர்ந்துகொண்டிருந்த இடிமேகப் பகுதிக்கு மேலே அது பறந்திருக்கக்கூடும் என்றுதான் முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் அதே அறிக்கையில் இங்கே பொருந்தும் ஒரு தகவல் இருக்கிறது: சீட் பெல்ட் விளக்கு போட்டாயிற்று என்று விமானி சொன்னதற்கும் விமானம் சரிந்ததற்கும் இடையே இருந்தது 8 நொடி.

இப்போது லேசரால் பார்க்கும் லைடார் முயற்சி நடக்கிறது. காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியை அது அளக்கிறது. ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்சா உருவாக்கிய கருவியை 2018-இல் போயிங் தன் சோதனை விமானத்தில் வைத்துப் பறக்கவிட்டது. பார்க்கும் தூரம் சுமார் 17 கிலோமீட்டர். உயரே தூசி குறைவு என்பதால் அந்தத் தூரத்தை எட்டுவதே கஷ்டம். எட்டினாலும் பயண வேகத்தில் கிடைப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் திசை மாற்ற முடியாது. பெல்ட் போடலாம், பாதையில் நிற்கும் சாப்பாட்டுத் தள்ளுவண்டியின் பிரேக்கை அழுத்தலாம். கழிவறையில் இருப்பவர் தன் இருக்கைக்குத் திரும்ப அந்த நேரம் போதுமா என்பது அவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.