விற்பனை எல்லையும் ஹேஷ்டேக்கும்: உவர்மலையின் ஒரு கேக் தொழில்

திருகோணமலையில் சிறுதொழில் செய்வோரின் இன்ஸ்டகிராம் பக்கங்களைப் பார்த்துக் கொடுக்கும்போது நான் முதலில் கேட்பது, அவர்களுடைய பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான். உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள் கேக் செய்து விற்கும் ஒரு சகோதரியின் பட்டர் கிறீம் கேக், இந்த ஊர் வெயிலில் முச்சக்கரவண்டியில் நிலாவெளி வரை உருகாமல் போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம். ஆனால் அவர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே #love, #foodie, #cake, #instagood என இருபதுக்கு மேற்பட்ட ஹேஷ்டேக்குகளை இட்டிருந்தார். "தம்பி, லைக் நிறைய வருது, ஓடர்தான் வருதில்லை" என்றார். லைக் இட்டவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, பெரும்பாலானவர்கள் வெளிநாடுகளில் கேக் செய்து விற்பவர்களாகவே இருந்தார்கள்.

#cake போன்ற பொதுவான ஹேஷ்டேக்கில் உலகெங்குமிருந்து இடைவிடாமல் படங்கள் வந்து குவிவதால், சிறிய பக்கமொன்றின் படம் சிறிது நேரத்திலேயே கீழே தள்ளப்பட்டுவிடும். தப்பித்தவறிக் கண்ணில் படும் சிலரும் வாங்கக்கூடிய தொலைவில் இருப்பதில்லை. 30 ஹேஷ்டேக் வரை இட அனுமதி இருந்த காலத்திலேயே, 2021இல், 3 முதல் 5 வரை போதும் என்று இன்ஸ்டகிராம் நிறுவனமே அறிவுறுத்தியது. ஹேஷ்டேக்கால் ஒரு பதிவு சென்றடையும் அளவு பெரிதாகக் கூடிவிடாது என்று அதன் தலைவர் அடம் மொசேரியும் பலமுறை சொல்லியிருக்கிறார். பதிவு எதைப் பற்றியது, எந்த ஊருக்குரியது என்பதைத் தெரியப்படுத்துவதே அதன் வேலை என்று எடுத்துக்கொண்டால், ஐந்து இடங்களையும் எதற்குக் கொடுப்பது என்பது தெளிவாகிவிடும்.

அந்தச் சகோதரிக்குப் பொதுவானதாக #srilankacakes என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். துறைசார்ந்த ஹேஷ்டேக்கைத் தெரிவுசெய்வதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அவருடைய ஓடர் கொப்பியைப் புரட்டியபோது, வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் முட்டை சேர்க்காத கேக்கை விசாரித்துப் பலர் அழைத்திருந்தது தெரிந்தது. நகரில் அதைச் செய்து கொடுப்பவர்கள் குறைவு. ஆகவே #egglesscake அவருக்கு உண்மையிலேயே பொருந்தும். ஆனால் முட்டை சேர்த்த கேக்கின் படத்துக்குக் கீழே அதை இடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன், ஏனெனில் அதை நம்பி வாங்குபவர் விரதம் காப்பவராக இருக்கலாம். அத்தகைய படங்களுக்கு #birthdaycake போதும்.

இடம்சார்ந்த ஹேஷ்டேக்கில்தான் நம் ஊரில் பலர் தடுமாறுகிறார்கள். #trincomalee என்று தேடிப் பாருங்கள்: கோணேசர் கோயில், புறாத் தீவு, உப்புவெளிக் கடற்கரை என்று சுற்றுலாப் படங்களே வரிசையாக வரும். படகுச் சவாரி நடத்துபவருக்கும் விருந்தினர் விடுதி வைத்திருப்பவருக்கும் அது சரியான இடம். கேக் தேடும் உள்ளூர்த் தாய் அங்கே வரமாட்டார். அவர் பெரும்பாலும் "trinco cake" என்றுதான் தட்டச்சுச் செய்வார். ஆகவே #trincocakes ஒன்றும் தமிழில் #திருகோணமலை ஒன்றும் சேர்த்தோம். #uvarmalaicakes என்று இன்னும் குறுக்கவும் அவர் விரும்பினார். ஆனால் எவரும் தேடாத சொல்லை இடுவது, ஆள் நடமாட்டமில்லாத ஒழுங்கைக்குள் கடைப்பலகை வைப்பதைப் போன்றது. ஐந்தாவது இடத்தை மாற்றிக்கொள்ளக்கூடியதாக விட்டோம்: பெருநாள் காலத்தில் #kinniya, மற்ற நாட்களில், உப்புவெளி விடுதிகளிலிருந்து ஓடர் வருவதால், #uppuveli.

எந்த ஹேஷ்டேக்கையும் சேர்க்குமுன் அதைத் தேடி, அண்மையில் இடப்பட்ட பதிவுகளைப் பார்க்க வேண்டும். அவற்றுள் உங்கள் படம் ஒட்டாமல் நின்றால் அது உங்களுக்குரியதல்ல. சொற்களுக்கிடையில் இடைவெளியோ இடைக்கோடோ விட்டால் ஹேஷ்டேக் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். #Trinco-cakes என்று எழுதினால் #trinco மட்டுமே இணைப்பாகும். கணக்கைத் தனிப்பட்டதாகப் பூட்டி வைத்திருந்தால், உங்களைப் பின்தொடராதவர் எவருக்கும் அந்தப் பதிவு தெரியாது. ஹேஷ்டேக் இட்டபின் படத்துக்கான இடக்குறியையும் சேர்த்து, "திருகோணமலை நகருக்குள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும்" என்று விளக்கத்திலும் எழுதுங்கள். தேடலில் அந்தச் சொற்களும் உதவும்.

பலனை அளக்க லைக் எண்ணிக்கை உதவாது. தொழில்முறைக் கணக்கின் இன்சைட்ஸ் பகுதியில், பதிவைப் பார்த்தவர்களுள் பின்தொடராதவர்கள் எவ்வளவு என்று பார்க்கலாம். அதைவிட நம்பகமானது, ஓடர் தருபவரிடம் "எதைத் தேடி வந்தீர்கள்?" என்று கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்வது. ஒரு மாதம் வரை அதே ஐந்தை வைத்திருந்துவிட்டு, பிறகு ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்பதைக் கண்டறிய வழியிராது.