காண்டாக்ட் ஷேடோ: தமிழில் தொடுநிழல்

ஒரு பொருள் இன்னொரு பொருளின்மேல் படிந்திருக்கும் இடத்தில், இரண்டும் தொடும் கோட்டை ஒட்டி மெல்லிய இருள் ஒன்று இருக்கும். மேசைமேல் வைத்த புத்தகத்தின் அடியில் பார்க்கலாம். பட வேலை செய்பவர்கள் அதை காண்டாக்ட் ஷேடோ என்கிறார்கள். வெறும் சோபாவின் படத்தில், வேறெங்கோ எடுத்த பூனையைக் கொண்டுவந்து தூங்க வைக்கும்போது இந்த இருளைப் போட மறந்தால் பூனை அந்தரத்தில் தொங்கும். அளவும் நிறமும் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒட்டவைத்த படம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

காண்டாக்ட் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. தொடுதல் என்று பொருள்படும் 'தாங்கெரே' என்ற வினையும், 'சேர்ந்து' என்ற பொருள் தரும் முன்னொட்டும் கூடிய சொல் அது. கணக்குப் பாடத்தில் வரும் டேன்ஜென்ட்டும் அதே வினையிலிருந்து பிறந்ததுதான். டேன்ஜென்ட்டுக்குத் தமிழில் தொடுகோடு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆக, இந்தக் குடும்பத்துச் சொல் ஒன்றைத் தமிழாக்கும் வழியை நமக்கு முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த வழியில் போனால் கிடைப்பது தொடுநிழல். தொடுவானம், தொடுதிரை, தொடுகறி என்று நாம் புழங்கும் சொற்களைப் போல இதுவும் வினைத்தொகை. தொட்ட நிழல், தொடுகின்ற நிழல், தொடும் நிழல் மூன்றும் அதற்குள் அடங்கும். சேர்த்தே எழுத வேண்டும். பிரித்து எழுதினால் நிழலைத் தொடச் சொல்லும் ஏவலாகப் படிக்க இடமுண்டு. 'தொடர்பு நிழல்' என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்கமாட்டேன். தொடர்பு என்றால் தொலைபேசியில் பேசுவதும் உறவு வைத்துக்கொள்வதும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது உடலோடு உடல் படுவது. பழந்தமிழில் தொடுதலுக்குத் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளில் வருவது அந்தப் பொருள். பூனை படுத்தால் மெத்தை குழிகிறது, அந்தக் குழிவில்தான் இந்த நிழல் பிறக்கிறது என்பதால் அந்தப் பழம்பொருளும் இங்கே தற்செயலாகப் பொருந்துகிறது.

தொடுநிழலை விழுநிழலோடு குழப்பக் கூடாது. சன்னல் இடப்பக்கம் இருந்தால் பூனையின் நிழல் வலப்பக்கம் சாய்ந்து விழும், அது விழுநிழல். ஒளி வரும் திசை மாறினால் அதுவும் இடம் மாறும். தொடுநிழல் அப்படி இடம் மாறாது. அறையில் எல்லாத் திசையிலிருந்தும் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிய ஒளி வந்துகொண்டே இருக்கிறது. பூனையின் வயிறு துணியைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால், அறையின் பெரும்பகுதியைப் பூனையே மறைத்துக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிக்கு ஒளி வரும் வாசல் குறுகிவிடுகிறது, அதனால் இருள்கிறது. தொடும் கோட்டை நெருங்க நெருங்க வாசல் இன்னும் குறுகும். இதையே கணினி கணக்கிட்டுப் போடும் முறைக்கு ஆம்பியன்ட் அக்லூஷன் என்று பெயர். சூழொளி மறைப்பு எனலாம். 2002-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டின் பாடக் குறிப்புகளில், திரைப்படக் காட்சி விளைவுகள் செய்யும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் ஹேடன் லேண்டிஸ் இதைத் திரைப்பட வேலைக்கு ஏற்றபடி விளக்கினார். படத்தில் கையால் வரையும்போது அந்தக் கணக்கை நம் கண்தான் செய்ய வேண்டும்.

சரி, ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சாம்பல் நிறத் துணி போட்ட சோபா, இடப்பக்கம் சன்னல், மேகமூட்டமான பகல். உட்காரும் மெத்தை ஒன்றின் அகலம் 60 செ.மீ., அது படத்தில் 1200 பிக்சல். அப்படியானால் ஒரு செ.மீ.க்கு 20 பிக்சல். சுருண்டு தூங்கும் வளர்ந்த பூனை ஏறக்குறைய 36 செ.மீ. அகலம் இருக்கும் என்று வைத்தால் 720 பிக்சல் வரும். இந்தக் கணக்கைப் போடாமல் கண்மதிப்பில் வைத்தால் பூனை குட்டியாகவோ சிறுத்தையாகவோ ஆகிவிடும். பூனையின் படமும் கிட்டத்தட்ட அதே உயரத்திலிருந்து, இடப்பக்க ஒளியில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒளி வலப்பக்கம் இருந்தால் பூனையைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடலாம். ஆனால் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் திட்டு உள்ள பூனை என்றால், வளர்ப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் குழிவு. பலர் நிழலிலிருந்து தொடங்குகிறார்கள். குழிவு இல்லாத மெத்தையில் எந்த நிழல் போட்டாலும் பூனை அட்டையில் வெட்டியது போலத்தான் இருக்கும். நாலு கிலோ பூனை பஞ்சு மெத்தையில் ஓரிரண்டு செ.மீ. அமிழும், நம் அளவில் 20 முதல் 40 பிக்சல். போட்டோஷாப்பில் `Liquify` எடுத்து, பூனையின் அடிக்கோடு வரும் இடத்தில் சோபாத் துணியைப் பெரிய தூரிகையால் கீழே தள்ளுங்கள். நடுவில் ஆழமாக, இரு ஓரங்களில் மெல்லத் தேய்ந்து போக வேண்டும். மெத்தையின் முன்விளிம்பில் ஓடும் தையல் கோடு நேராகவே இருந்துவிட்டால் எல்லாம் வீண்; பூனை விளிம்புக்கு அருகில் படுத்திருந்தால் அந்தக் கோடும் சற்றே தொய்ய வேண்டும். துணியில் கட்டமோ நெசவு வரியோ இருந்தால் அவையும் குழிவை நோக்கி வளையும்.

குழிவுக்கு ஒளியும் நிழலும் உண்டு. இடப்பக்கச் சரிவு பூனையை நோக்கி இறங்குகிறது, அதாவது சன்னலுக்கு முதுகைக் காட்டுகிறது. அது சற்று மங்கும். வலப்பக்கச் சரிவு சன்னலைப் பார்க்கிறது, ஆனால் நடுவில் பூனை மறைக்கிறது. அதனால் பூனைக்கு அருகில் இருளும், மறைப்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும் மேல்விளிம்பில் மெல்லிய வெளிச்சமும் இருக்கும். அந்த வெளிச்சக் கீற்றைப் போட்டதும் மெத்தைக்குக் கனம் வந்துவிடுவதைப் பார்க்கலாம்.

அப்புறம் தொடுநிழல். இதற்கு ஒரே லேயர் போதாது. பூனைக்குக் கீழே `Multiply` முறையில் ஒரு லேயர் வைத்து, தொடும் கோட்டை ஒட்டி நாலைந்து பிக்சல் அகலத்தில், 70 சதவீத அடர்த்தியில் ஒரு கீற்று வரையுங்கள். அதற்குமேல் இன்னொரு லேயரில் 40, 50 பிக்சல் அகலமான மென்மையான தூரிகையால் 30 சதவீத இருளைப் பரப்புங்கள். வலப்பக்கம் சாயும் விழுநிழல் மூன்றாவது. மேகமூட்ட ஒளி என்பதால் அதன் விளிம்பு எங்கேயும் கூராக இருக்காது, அடர்த்தி 20 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை. இந்த எண்கள் தொடங்குவதற்குத்தான்; படத்துக்குப் படம் மாறும்.

நிறம் கறுப்பு அல்ல. அதே சோபாவில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கைப் பாருங்கள். அந்தப் படத்தில், அந்த ஒளியில், அந்தத் துணி எவ்வளவு இருளும் என்பதை அது ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கிறது. நிறத்தை அங்கிருந்து எடுங்கள். தொடுநிழல் அந்த இடுக்கைவிடக் கறுப்பாக இருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

கீற்றை ஒரே தடிமனில் இழுத்துவிடவும் கூடாது. பின்தொடையும் இடுப்பும் பூனையின் கனத்தைத் தாங்கும் இடம். அங்கே நிழல் ஒடுங்கி, அடர்ந்து, துணிக்குள் புதைந்து இருக்கும். மடித்த முன்கால் லேசாகத்தான் படுகிறது, அதனடியில் கீற்று மெலியும். தலையைப் பாதத்தின்மேல் சாய்த்து, தாடை துணியைத் தொடாமல் இருந்தால் அங்கே கீற்றே வராது; பரந்த, வெளிறிய நிழல் மட்டும் வரும். வால்நுனி துணிமேல் கிடக்கும் இடத்தில் ஒரு முடியளவு கோடு போதும். இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்துத்தான் கண் பூனையின் எடையை உணர்கிறது.

தொடுநிழலில் பாதி பூனையின்மேல் விழுகிறது என்பதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். துணிக்கு ஒளி மறைந்தால் அடிவயிற்றுக்கும் மறையும். பூனை லேயரோடு கிளிப் செய்த ஒரு லேயரில், கீழ்விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. உயரத்துக்கு இருளை மேல்நோக்கித் தேய்த்து விடுங்கள். அதில் துணியின் சாம்பல் சாயலும் கொஞ்சம் கலக்க வேண்டும். செம்பட்டைப் பூனையின் வயிற்றோர முடி சாம்பல் மெத்தையின்மேல் தன் சூட்டு நிறத்தைச் சற்று இழந்துதான் தெரியும்.

கடைசியில் முடி. பூனையின் அடிவிளிம்பு கத்தியால் வெட்டிய கோடு அல்ல. முடிநுனிகள் துணிமேல் படர்ந்து, நிழல் கீற்றைக் குறுக்கே கடக்கும். அதனால் நிழலுக்கும் பூனைக்கும் மேலே ஒரு லேயர் வைத்து, ஓரிரு பிக்சல் தூரிகையால் பூனையின் நிறத்திலேயே சிறு முடிகளை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் இருந்தால் சீப்பின் பல் மாதிரி ஆகிவிடும். கொத்துக் கொத்தாக, இடைவெளி விட்டு வர வேண்டும். சன்னல் பக்கத்து முடி ஒளியைப் பிடித்து வெளிறும், மறுபக்கம் சோபாவின் இருளில் கலந்துவிடும். பூனையை வெட்டும்போது பழைய பின்புலத்தின் நிறம் முடியோரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், இருளும் பக்கத்தில் அது வெள்ளை வளையமாகப் பளிச்சிடும். `Select and Mask` பலகத்தில் உள்ள `Decontaminate Colors` அதை ஓரளவு நீக்கும். மிச்சத்தைத் தூரிகையால்தான் சரிசெய்ய வேண்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்கப் படத்தின்மேல் ஒரு `Curves` லேயர் போட்டு, இருண்ட பகுதியை மட்டும் வேண்டுமென்றே தூக்கி வெளிறச் செய்யுங்கள். சோபாவின் இடுக்குகள் எல்லாம் சாம்பலாக எழும்பும்போது பூனையின் அடி மட்டும் கறுப்பாகவே நின்றால் நிழல் அதிகம். இடுக்குகளுக்கு முன்பே அது மறைந்துவிட்டால் குறைவு. பிறகு அந்த லேயரை நீக்கிவிடலாம்.

துணி சோபாவுக்கு இது போதும். பளபளப்பான தோல் சோபா என்றால், தொடும் கோட்டுக்கு வெளியே பூனையின் மங்கலான பிம்பமும் தெரியும். தொடுநிழல் அந்தப் பிம்பத்துக்கும் பூனைக்கும் நடுவில் ஒடுங்கிய கோடாகிவிடும். தோல், துணியைவிடக் குறைவாகக் குழியும். குழிவின் ஓரத்தில் சுருக்கங்கள் பூனையைச் சுற்றிக் கதிர்போல விரியும், ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தனி மினுக்கம் இருக்கும். அதைக் கையால் வரைவதைவிட, அதே சோபாவில் நாலு கிலோ அரிசிப் பையை வைத்து ஒரு படம் எடுத்து, குழிவையும் சுருக்கத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வது மேல்.