முன்பேர ஒப்பந்தமும் சூதாட்டமும்: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி விவசாயிகளிடமிருந்து 100 குவிண்டால் விரலி மஞ்சளைக் குவிண்டால் 13,000 ரூபாய்க்கு வாங்கிக் கிடங்கில் வைத்திருப்பதாகக் கொள்வோம். மூன்று மாதம் கழித்தே விற்க முடியும் என்ற நிலையில், இடையில் விலை சரிந்தால் நட்டம் முழுவதும் அவருடையதே. அதற்குக் காப்பாக, என்சிடிஇஎக்ஸ் என்ற வேளாண் சரக்குச் சந்தையில் அதே அளவுக்கு, அதாவது ஐந்து டன் கொண்ட இரண்டு லாட்டுகளை, குவிண்டால் 13,400 ரூபாய் என்ற விலையில், பின்னொரு நாளில் கொடுப்பதாக இன்றே விலை பேசி, முன்பேரமாக விற்கிறார். கையிருப்புக்கு எதிரான திசையில் இப்படி ஒப்பந்தம் எடுத்துக்கொள்வதையே ஹெட்ஜிங் அல்லது இடர்க்காப்பு என்கிறார்கள்.

மூன்று மாதத்தில் ஈரோட்டு விலை 11,000 ரூபாய்க்கும் முன்பேர விலை 11,300 ரூபாய்க்கும் இறங்கினால், கையிருப்பில் அவருக்கு இரண்டு லட்சம் ரூபாய் நட்டம். ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கி முடிக்கும்போது குவிண்டாலுக்கு 2,100 வீதம் 2,10,000 ரூபாய் வரவு. மாறாக விலைகள் 15,000, 15,500 என ஏறினால், சரக்கில் கிடைக்கும் இரண்டு லட்சம் லாபத்தை ஒப்பந்தத்தின் 2,10,000 ரூபாய் நட்டம் விழுங்கிவிடும். இரண்டு நிலையிலும் மிச்சமோ இழப்போ தரகுச் செலவு நீங்கலாகப் பத்தாயிரம் ரூபாய்தான். விலை ஏற்றத்தின் லாபத்தை விட்டுக்கொடுத்து, விலைச் சரிவின் நட்டத்திலிருந்து தப்பிக்கும் ஏற்பாடு இது. ஹெட்ஜிங்கில் லாபம் தேடுகிறவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதே என் கருத்து.

இதில் சரக்கு கைமாறாமல் விலை வித்தியாசம் மட்டும்தானே பணமாகக் கைமாறுகிறது, பிறகு பந்தயத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்ற கேள்வி நியாயமானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்றும், அவற்றில் வென்ற தொகைக்காக வழக்குத் தொடர முடியாது என்றும் சொல்கிறது. ஆனால் ஊக நோக்கம் இருப்பதாலேயே ஓர் ஒப்பந்தம் பந்தயமாகிவிடாது. சரக்கைக் கொடுக்கவோ வாங்கவோ போவதில்லை, வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்வோம் என்பது ஒரு தரப்பின் எண்ணமாக மட்டும் இல்லாமல், இரு தரப்பின் பொது நோக்கமாகவும் இருந்ததா என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட சந்தையின் மஞ்சள் ஒப்பந்தத்தில், முதிர்வு நாள் வரை கணக்கை முடிக்காமல் வைத்திருப்பவர் தரம் சோதிக்கப்பட்ட சரக்கைக் கொடுத்தோ எடுத்தோ ஆகவேண்டும். இடையில் கணக்கை முடித்துக்கொள்வது அந்தக் கடமையை எதிர் ஒப்பந்தத்தால் நேர் செய்வதுதான்.

இதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு. முன்பேரச் சந்தை ஆணையம் 2015 செப்டம்பரில் பத்திரச் சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான செபியுடன் இணைக்கப்பட்ட பிறகு, சரக்கு முன்பேர வர்த்தகம் பத்திர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் நடந்து, அதன் தீர்வகம் மூலம் கணக்குத் தீரும் ஒப்பந்தங்கள் செல்லும் என்று அச்சட்டத்தின் 18அ பிரிவு சொல்கிறது. ஆகவே கையில் சரக்கே இல்லாத ஊக வணிகர் சந்தையில் செய்யும் ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். பத்து டன் வைத்துக்கொண்டு ஐம்பது டன்னை விற்றவருக்கு, மீதி நாற்பது டன் காப்பாகாது, ஊகமாகும். ஆனால் அது குற்றமல்ல. அதேபோல, ஓர் ஆலையும் விவசாயியும் தங்களுக்குள் இன்ன தரம், இன்ன விலை, இன்ன நாள் என்று எழுதிக்கொண்டு, பிறருக்கு மாற்ற முடியாத, சரக்கு நேரடியாகக் கைமாறும் ஒப்பந்தம் செய்துகொள்வதற்கும் இச்சட்டம் குறுக்கே நிற்பதில்லை.

குற்றமாவது டப்பா வர்த்தகம். இதில் தரகர் வாடிக்கையாளரின் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பாமல் தன் கணக்கேட்டிலேயே எழுதிக்கொண்டு, திரையில் ஓடும் விலையை வைத்து வித்தியாசத்தை ரொக்கமாகத் தீர்க்கிறார். வாடிக்கையாளரின் நட்டம் நேரே அவருடைய லாபம். இதற்குப் பத்தாண்டு வரை சிறையோ, 25 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு இடம் தருகிறது. மார்ஜின் எனப்படும் ஈட்டுப்பணம் மிகக் குறைவு, வரி இல்லை என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். முறையான தரகர் வர்த்தகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்தக் குறிப்பு அனுப்புவார். சந்தையிலிருந்தும் குறுஞ்செய்தி வரும். பணம் வங்கிக் கணக்கு வழியாக மட்டுமே செல்லும்.

முறையான ஹெட்ஜிங்கிலும் இடறும் இடங்கள் உண்டு. முதலாவது ரொக்கம். மேலே சொன்ன விலையேற்றத்தில் 2,10,000 ரூபாய் நட்டம் கடைசி நாளில் மொத்தமாக வருவதில்லை. ஒவ்வொரு நாளும் விலை ஏறியபடி கணக்கிலிருந்து கழிக்கப்படும், ஆரம்ப மார்ஜின் அதற்கு மேல். சரக்கின் லாபமோ விற்ற பிறகுதான் கைக்கு வரும். இடைப்பட்ட நாளில் பணம் கட்ட முடியாதவரின் ஒப்பந்தத்தைத் தரகர் முடித்துவிடுவார், காப்பும் அங்கேயே போய்விடும். இரண்டாவது, ஒப்பந்த விலை நிஜாமாபாத் தரத்தை அடிப்படையாகக் கொண்டது; ஈரோட்டுக் கிழங்கு மஞ்சளை வைத்திருப்பவருக்கு இரண்டு விலைகளும் எப்போதும் ஒரே அளவில் நகராது. மூன்றாவது, அரசு நினைத்தால் ஒப்பந்தமே நின்றுபோகலாம்: 2021 டிசம்பரில் கோதுமை, கடுகு, சோயா உள்ளிட்ட ஏழு பொருள்களின் முன்பேர வர்த்தகத்தைச் செபி நிறுத்தியது, அந்தத் தடை பிறகு பலமுறை நீட்டிக்கப்பட்டது.